நான்கு ஸ்க்ரீனில் ஒரு ரோஜா: கிம்ப் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது?

தளி பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் மொபைலில் எடுத்த படத்தோடு கடைக்கு வந்தார். தாஜ்மஹால் ரகச் சிவப்பு ரோஜா, இதழ் மேல் பனித்துளி. பிப்ரவரியில் காதலர் தினத்துக்கு ஓசூரிலிருந்து பெட்டி பெட்டியாகப் போகிற அதே பூதான். பாலிஹவுஸில் வேலை செய்பவர்களுக்குக் கறுப்பு டீ-ஷர்ட், அறுபது உருப்படி. ஒட்டுகிற பிரிண்ட் வேண்டாமாம், இங்க்கில்தான் அடிக்க வேண்டுமாம்.

என்னிடம் இருப்பது நான்கு நிற டேபிள், 43டி மெஷ். சிப்காட் கம்பெனிகளின் கிரிக்கெட் டீம் லோகோக்கள் அடித்துப் பழகிய மெஷ் அது. போட்டோவைச் சின்னப் புள்ளிகளாக உடைத்து அடிக்க இதைவிட நெருக்கமான மெஷ் வேண்டும். அதனால் படத்தைத் தட்டையான நிறங்களாகப் பிரித்தே தீர வேண்டும். இதுவரை அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரில் ஒருவரிடம் கொடுத்துச் செபரேஷன் வாங்குவேன். இந்த முறை காசு வாங்காத கிம்பில் நானே உட்கார்ந்தேன்.

முதலில் பெரும்பாலோர் தேடிப் போகிற இடம் `Colors > Posterize`. அதை நம்ப வேண்டாம். அங்கே 3 என்று வைத்தால் மூன்று நிறம் வராது. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் மூன்று படி என்று அர்த்தம். 27 நிறம் வரை வரும். நமக்கு வேண்டிய கதவு `Image > Mode > Indexed`. எத்தனை நிறம் என்று நேரடியாகக் கேட்பது அதுதான்.

அங்கே `Generate optimum palette` தேர்ந்து 5 என்று போட்டேன். `Color dithering` கட்டாயம் `None` ஆக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படம் முழுக்க மணல் தூவினமாதிரி புள்ளி விழும். வந்த ஐந்தில் ஒன்று கறுப்பு, மீதி நான்கும் சிவப்பின் அண்ணன் தம்பிகள். காம்பும் இலையும் பழுப்பாகிவிட்டன. மென்பொருள் மேல் தப்பில்லை. எந்த நிறம் அதிக இடம் பிடித்திருக்கிறதோ அதற்குத்தான் அது பங்கு கொடுக்கிறது. மூலையில் கிடக்கிற பச்சையின் பேச்சு எடுபடாது.

ஆகவே `Palettes` பகுதியில் நானே ஒரு பலகை செய்தேன்: கறுப்பு, சிவப்பு, ரோஸ், பச்சை, வெள்ளை. `Use custom palette` கொடுத்ததும் ஒவ்வொரு பிக்ஸலும் தனக்குப் பக்கத்து நிறத்தில் போய் உட்கார்ந்தது. இந்த ஐந்துக்கு நான்கு ஸ்க்ரீன்தான் செலவு. கறுப்புக்கு இங்க் இல்லை, துணியே இதழ்மடிப்பின் நிழல். வெள்ளைக்கும் தனி ஸ்க்ரீன் இல்லை. கறுப்புத் துணியில் எப்படியும் அடியில் பேஸ் வைட் அடிக்க வேண்டும், பனித்துளி வரும் இடத்தில் மேலே எதுவும் அடிக்காமல் விட்டால் அதுவே துளி.

இருட்டுச் சிவப்பு எதுவரை சிவப்பு, எதிலிருந்து கறுப்பு என்பதை மட்டும் மென்பொருளிடம் விடக்கூடாது. முதல் தடவை பூ ஒரே சிவப்பு உருண்டையாக வந்தது, இதழ் தெரியவில்லை. `Ctrl+Z` போட்டுத் திரும்பி, `Colors > Curves` இல் இருண்ட பகுதியைக் கொஞ்சம் கீழே இழுத்து மறுபடி மாற்றினேன். மடிப்புகள் கறுப்பாகத் திறந்துகொண்டன. நான்கைந்து முறை இப்படிப் போய்வந்தேன். கண்ணுக்கு வேலை இருப்பது இங்கேதான்.

அடுத்தது பொடிப் புள்ளிகள். அகலம் 10 அங்குலம், அங்குலத்துக்கு 300 பிக்ஸல் என்று வைத்தால் ஒரு பிக்ஸல் சுமார் 0.085 மி.மீ. 43டி மெஷ்ஷில் ஒரு நூலிலிருந்து அடுத்த நூலுக்கு 0.23 மி.மீ. இரண்டு நூலுக்கும் குறைவான புள்ளி எக்ஸ்போஸில் நின்றாலும் கழுவும்போது போய்விடும். என் கணக்கில் அரை மில்லிமீட்டர், அதாவது 6 பிக்ஸல், அதற்குக் கீழே எதுவும் ஃபிலிமில் இருக்கக்கூடாது.

படத்தை மறுபடி `RGB` ஆக்கி, `Select by Color` கருவியால் ஒவ்வொரு நிறமாக எடுத்தேன். `Threshold` 0, `Antialiasing` அணைத்து. விளிம்பில் சாம்பல் இருந்தால் லேசர் பிரிண்டர் அதையும் புள்ளி போட்டு அடிக்கும். எடுத்ததைப் புது லேயரில் கறுப்பாக நிரப்பி, வெள்ளைப் பின்னணியோடு சேர்த்து `Median Blur` கொடுத்தால் பொடி மறைந்து விளிம்பு வழவழப்பாகிறது.

கிம்ப் சுத்தமாகக் கைவிடுகிற இடம் நிறங்களின் ஓரம். ரோஸும் சிவப்பும் முட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் ஸ்க்ரீன் ஒரு நூல் நகர்ந்தாலும் நடுவில் வெள்ளைக் கோடு தெரியும். ஒன்றின்மேல் ஒன்று சற்று ஏற வேண்டும், அதைக் கையால்தான் செய்ய வேண்டும். ரோஸ் தேர்வை `Select > Grow` இல் 4 பிக்ஸல் வளர்த்தேன், சுமார் 0.34 மி.மீ. அப்படியே விட்டால் ரோஸ் நிழலுக்குள்ளும் பனித்துளிக்குள்ளும் வழியும். வளர்த்த தேர்விலிருந்து கறுப்பையும் வெள்ளையையும் கழித்த பிறகு, சிவப்புக்கும் பச்சைக்கும் அடியில் மட்டும்தான் அது போகிறது. பேஸ் வைட் இதற்கு நேர் எதிர்: நான்கு நிறப் பகுதியையும் ஒன்றாகக் கூட்டி `Select > Shrink` இல் 3 பிக்ஸல் சுருக்க வேண்டும். இல்லையேல் பூவைச் சுற்றி வெள்ளை எட்டிப் பார்க்கும்.

இங்க்ஸ்கேப்பையும் விடவில்லை. `Path > Trace Bitmap` இல் பல நிறம் எடுக்கலாம். `Stack` டிக் இருந்தால் நிறங்கள் ஒன்றின் கீழ் ஒன்று தானாகவே ஏறியிருக்கும். லோகோவுக்கு அது அருமை. ஆனால் நிறத்தைத் தேர்வு செய்வது அது, நானில்லை. மறுபடியும் பச்சை போனது. அடியில் முழு நிறம் பரவுவதால் இங்க் மேல் இங்க் ஏறி, பிரிண்ட் ரெக்சின் மாதிரி கெட்டியாகிறது.

நான்கு லேயரிலும் ஒரே இடத்தில் கூட்டல் குறி போட்டு, கேட்வே ஷீட்டில் லேசரில் எடுத்தேன். மேல் குறி பொருந்தினால் கீழ்க் குறி ஒரு மில்லிமீட்டர் விலகியது. கோளாறு செபரேஷனில் இல்லை, பிரிண்டர் சூட்டில் ஷீட் சுருங்கியிருந்தது. வெற்று ஷீட்களை முதலில் ஒரு தடவை பிரிண்டருக்குள் ஓட்டி, சுருங்க வேண்டியதைச் சுருங்க விட்டு, பிறகு அதே ஷீட்டில் அடித்தேன். பொருந்தியது.

பேஸ் வைட், ஃபிளாஷ், பிறகு ரோஸ், பச்சை, கடைசியில் சிவப்பு. முதல் சட்டையைப் படமெடுத்துத் தோட்டக்காரருக்கு மொபைலில் அனுப்பினேன். அரை மணியில் போன்.

“பனி சூப்பரா வந்திருக்குண்ணா. முள் எங்க?”

காம்பு மொழுமொழுவென்று இருந்தது. பொடியைத் துடைத்த `Median Blur` முள்ளையும் சேர்த்துத் துடைத்திருந்தது. கையால் வரைந்தேன், முதலில் 8 பிக்ஸல் அகலத்தில். அப்புறம்தான் உறைத்தது: பேஸ் பக்கத்துக்கு 3 சுருங்கினால் மிச்சம் 2 பிக்ஸல், ஸ்க்ரீனில் நிற்காது, அடியில் வெள்ளை இல்லாத பச்சை கறுப்புத் துணியில் தெரியவும் தெரியாது. முள்ளை 14 பிக்ஸலாக்கினேன், பேஸுக்கு 8 கிடைத்தது. நிஜத்தைவிடத் தடித்த முள்தான். பச்சை, பேஸ் இரண்டு ஸ்க்ரீனையும் கழுவி, மறுபடி கோட்டிங் போட்டுக் காய வைத்திருக்கிறேன்.