கான்கிரீட்டுக்குப் பின் வரும் கையெழுத்து

வீட்டுக்கடனின் அடுத்த தவணையை வங்கி விடுவிப்பதற்கு முன் பேனல் இன்ஜினியர் தரும் கட்ட ஆய்வுச் சான்றிதழில் இரண்டு செய்திகள் இருக்கும்: எவ்வளவு வேலை முடிந்தது, அதன் தரம் எப்படி. முதலாவதை நம்பலாம். தளம் போட்டிருக்கிறதா என்று பார்த்தாலே தெரியும், புகைப்படமும் இணைந்திருக்கும். 25 லட்சம் மதிப்பீட்டில் 60 விழுக்காடு முடிந்தது என்றால் 15 லட்சம். அதில் சொந்தப் பங்கு 5, ஏற்கெனவே பெற்ற கடன் 7 போக 3 லட்சம் வரும். இதில் ஒரு குறை உண்டு. அந்த 60 பெரும்பாலும் வழக்கமான அட்டவணையிலிருந்து வருவது, அளந்து கண்டதல்ல. மீதி 40க்குள் பூச்சு, தரை, வயரிங், கதவு எல்லாம் அடங்குமா என்று அந்த வீட்டின் மதிப்பீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சிக்கல் இரண்டாவது செய்தியில்தான். "தரம் திருப்திகரம்" என்ற வரி பெரும்பாலும் தளம் போட்ட பிறகு எழுதப்படுகிறது. அப்போது கம்பி உள்ளே மறைந்துவிட்டது. பால்கனியையே எடுத்துக்கொள்வோம். சுவரிலிருந்து வெளியே நீளும் பலகைக்கு முக்கியக் கம்பி மேற்புறத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் இழுவிசை அங்கேதான் விழுகிறது. கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் அதன்மேல் மிதித்து நடப்பார்கள். தாங்க நாற்காலிக் கம்பி இல்லையென்றால் மேல்கம்பி கீழே அமுங்கிவிடும். 12 செ.மீ. பலகையில் அது 4 செ.மீ. இறங்கினாலே தாங்கும் திறன் பெரிதும் குறையும். முட்டு எடுக்கும்வரை எதுவும் தெரியாது. எடுத்த பிறகு சுவரோரம் மேற்பரப்பில் நீளவாக்கில் விரிசல் தோன்றும், சில வேளை பலகையே விழும். கம்பி இருந்த நிலையைப் பார்க்காதவர் தரத்துக்குக் கையெழுத்திடுவது சரியல்ல.

அதே வருகையில் அவர் நேர்மையாக எழுதக்கூடியவை உண்டு. தளத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறதா, பீமின் அடியில் சல்லி வெளியே தெரிகிறதா, முட்டு எப்போது எடுக்கப்பட்டது? ஐ.எஸ். 456 சாதாரண சிமெண்டுக்கு 4.5 மீட்டர் வரையிலான தளத்துக்கு 7 நாளும், அதற்கு மேல் 14 நாளும் முட்டு இருக்கச் சொல்கிறது. தேதியோடு எழுதப்பட்ட இத்தகைய ஒரு வரி "திருப்திகரம்" என்பதைவிட மேலானது.

ஆகவே, என் தீர்ப்பு இது: வங்கியின் பணத்தைக் காக்க இச்சான்றிதழ் போதும், வீட்டைக் காக்கப் போதாது. கம்பி கட்டி முடித்து கான்கிரீட் கொட்டுவதற்கு முன் ஒரு வருகை கட்டாயமாக வேண்டும். தரப் பத்தியில் கண்டதையும் காண இயலாததையும் தனித்தனியே எழுத வேண்டும். அப்போதும் கலவையில் கூடுதலாக ஊற்றிய தண்ணீர் பிடிபடாது. அதற்கு, கொட்டும் நாளிலேயே கனசதுர மாதிரிகள் எடுக்க வேண்டும். 28 நாள் முடிவுக்காகத் தவணையை நிறுத்தத் தேவையில்லை. அந்த அறிக்கையை அடுத்த தவணைக்கான விண்ணப்பத்தோடு வங்கி கேட்டு வாங்கலாம்.