வெட்டுக்கோட்டின் சிக்கனம்

பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் 20 கன மீட்டர் தண்ணீர் பிடிக்கும் கனசதுரத் தொட்டி கட்டவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பக்கம் x என்றால் x³ − 20 = 0. மூலம் 2.7144.

நியூட்டன் முறை தொடலி வரைந்து, அது அச்சை வெட்டும் இடத்துக்குத் தாவும். 3இல் தொடங்கினால் 2.7407, பிறகு 2.7147. ஆனால் ஒவ்வொரு படியிலும் சார்பின் பெறுமானம் ஒன்று, பெறுதி ஒன்று என இரண்டு கணக்கு.

வெட்டுக்கோட்டு முறைக்குப் பெறுதியே வேண்டாம். 2இல் −12, 3இல் 7. இந்த இரு புள்ளிகளையும் இணைக்கும் கோடு 2.6316இல் அச்சை வெட்டுகிறது. அடுத்து 2.7061, பிறகு 2.7147. படிகள் மூன்றுதான் என்றாலும் மொத்தக் கணக்கு நான்கு. நியூட்டனுக்கும் அதே நான்கு! படிக்குப் படி பார்த்தால் தொடலியின் வேகவரிசை 2, வெட்டுக்கோட்டினது 1.618. பெறுதி காண்பது கடினமானால் பின்னதே இலாபம்.

15ஆம் நூற்றாண்டிலேயே கேரளத்துப் பரமேஸ்வரர் வானியல் கணக்கில் இதையொத்த முறையைக் கையாண்டார்.

குறையும் உண்டு. இரு பெறுமானங்களும் கிட்டத்தட்டச் சமமானால் கோடு படுத்துவிடும். விடை எங்கோ ஓடும். தொடலியும் தட்டையான இடத்தில் அப்படித்தான். எனவே குறி மாறும் இரு எல்லைகளை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். விடை அவற்றைத் தாண்டினால் அந்தப் படிக்கு மட்டும் இடைவெளியைப் பாதியாக்குங்கள்.