குறும்படம் என்னும் சாட்சி

முந்தல் களப்பின் கரையில், எங்கள் வீட்டுக்கு அண்மையிலுள்ள தேத்தண்ணிக் கடையில், முதல் நாள் இரவு பார்த்த பிக் பாஸ் நிகழ்ச்சியைப் பற்றி மறுநாள் காலையில் நடக்கும் விவாதங்களைப் பல வருஷங்களாகக் கேட்டு வருகிறேன். அவை எங்கே தொடங்கினாலும் இரண்டு தீர்ப்புகளில் ஒன்றிலேதான் வந்து முடியும். "எல்லாம் ஸ்கிரிப்ட்தானே" என்பது ஒன்று. "குறும்படம் போட்டா உண்மை தெரிஞ்சிரும்" என்பது மற்றொன்று. முதலாவது அபிப்பிராயம் பாமரமானது என்று ஒதுக்கிவிடலாம். இரண்டாவதோ படித்தவர்களிடையேயும் பத்திரிகைகளிலேயும் ஒரு சித்தாந்தமாகவே நிலைபெற்றுவிட்டது. தமிழ்த் தொலைக்காட்சி நமக்குத் தந்த மிகப் பெரிய நியாய ஸ்தலம் அந்தக் குறும்படமே என்று ஒரு நண்பர் அண்மையில் உணர்ச்சியோடு வாதாடினார். அந்தக் கருத்து அடிப்படையிலேயே பிழையானது என்று காட்டுவதற்காகவே இதனை எழுதுகிறேன்.

பூர்வ கதையை நீட்டத் தேவையில்லை. அமெரிக்காவில் 1948இல் மறைகாமரா வேடிக்கையாகத் தொடங்கிய கலை, லௌட் என்னும் குடும்பத்தின் வாழ்வை ஏழு மாதம் படம் பிடித்து, ஏறக்குறைய 300 மணி நேரப் படச்சுருளிலிருந்து 12 பகுதிகளை வெட்டியெடுத்து 1973இல் ஒளிபரப்பியபோதே தன் சுபாவத்தை வெளிப்படுத்திவிட்டது. திரையில் காட்டப்பட்டது தாங்கள் வாழ்ந்த வாழ்வு அன்று என்று அந்தக் குடும்பத்தார் அன்றே முறையிட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் தனியறையில் அமர்ந்து காமராவிடம் மனம் திறக்கும் வழக்கம் வந்தது. 1997இல் சுவீடனில் தீவுப் போட்டியொன்றிலிருந்து முதலில் வெளியேற்றப்பட்டவர், நிகழ்ச்சி ஒளிபரப்பாவதற்கு முன்பே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். படத்தொகுப்பு தம்மை எப்படிக் காட்டிவிடுமோ என்ற அச்சம் அவரை வாட்டியது என்று அவருடைய மனைவி பின்னர் சொன்னார். எந்த நீதிமன்றத்தின் விசாரணையையும்விட அந்த ஒரு சம்பவம் இத்துறையின் இயல்பை எனக்கு உணர்த்தியது. 1999இல் நெதர்லாந்தில் பிக் பிரதர் வந்தது. அதன் வழியில் இந்தி வந்தது. 2017 ஜூன் 25ஆந் தேதி, கமல்ஹாசன் தொகுத்து வழங்க, விஜய் தொலைக்காட்சியில் தமிழும் வந்தது.

இங்கே ஒரு வேற்றுமையை நாம் கவனிக்கத் தவறிவிட்டோம். அமெரிக்கரின் 'சர்வைவர்' போன்ற போட்டிகளில் படப்பிடிப்பு முழுவதும் முடிந்து, கதையின் போக்கெல்லாம் தெரிந்த பிறகே நிகழ்ச்சி ஒளிபரப்பாகிறது. ஆகையால் தொகுப்பாளர் நடந்து முடிந்த கதையைச் சொல்பவர். அங்குள்ள ரசிகர்கள் யாருக்கு எத்தனை காட்சி கிடைக்கிறது, எந்தச் சாயலில் கிடைக்கிறது என்று வாரந்தோறும் குறித்து, அதை வைத்தே வெற்றி பெறப்போகிறவரை ஊகிக்கிறார்கள். அந்தக் கணிப்புக்கு 'எட்ஜிக்' என்று ஒரு பெயரும் உண்டு. நம்முடைய நிகழ்ச்சியிலோ நேற்று நடந்தது இன்றிரவு வருகிறது; இன்றிரவு வந்ததைப் பார்த்து மக்கள் வாக்களிக்கிறார்கள்; அந்த வாக்கு ஞாயிற்றுக்கிழமை ஒருவரை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறது. இங்கே தொகுப்பாளர் கதையைச் சொல்பவர் மாத்திரம் அல்லர், கதைக்குக் காரணகர்த்தாவும் ஆகிறார். 'ஸ்கிரிப்ட்' என்று சொல்பவர்கள் பிழைபடுவது இந்த இடத்தில்தான். யாரும் யாருக்கும் வசனம் எழுதித் தர வேண்டிய அவசியமே இங்கே இல்லை.

எப்படி என்று பார்ப்போம். முதற் பருவத்தில் முப்பது காமராக்கள் என்று விளம்பரம் செய்தார்கள். முப்பதும் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுவதாகக் கொண்டால் ஒரு நாளைக்கு 720 மணி நேரம். அதில் வெற்று அறைகளையும், உறக்கத்தையும், ஒரே காட்சியின் பல கோணங்களையும் கழித்துவிட்டாலும் மிஞ்சுவது மலை போன்றது. நமக்குக் கிடைப்பதோ விளம்பரம் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம். உடப்பில் கரைவலை இழுத்து, மடியை மணலில் கொட்டி, மீனை வகை பிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். சந்தைக்குப் போன கூடையைப் பார்த்துக் கடலில் இன்ன மீன்தான் உண்டு என்று ஒருவர் சொன்னால் நாம் ஏற்போமா? இத்தகைய நிகழ்ச்சிகளில், கட்டுப்பாட்டு அறையில் முறை வைத்து அமர்ந்திருப்பவர்கள் யார் யாரோடு எத்தனை மணிக்கு என்ன பேசினார்கள் என்று நிமிஷக் கணக்கில் குறித்துக்கொண்டே இருப்பார்கள். அந்தக் குறிப்புகளிலிருந்து கதைப் பிரிவினர் அன்றைக்கு இரண்டு மூன்று இழைகளைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த இழைகளில் அகப்படாதவர் அன்று வாழவே இல்லை என்றாகிவிடுகிறார்.

தேர்ந்தெடுத்த பின்னர் நடப்பது இன்னும் நுட்பமானது. ஒருவர் சமையற்கட்டில் பேசுகிறார். அடுத்த ஷாட்டில் மற்றொருவர் முகம் சுளிக்கிறார். அவர் சுளித்தது அந்தப் பேச்சைக் கேட்டுத்தானா, அல்லது ஒரு மணி நேரத்துக்கு முன் வெயிலில் கண் கூசியபோதா என்பதை நாம் அறியோம். சோவியத் நாட்டின் குலெஷோவ் ஒரே முகத்தை வெவ்வேறு காட்சிகளோடு ஒட்டி வெவ்வேறு உணர்ச்சிகளைக் காண்பித்து நூறு ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பாடத்தையே நம் புரோமோக்கள் அன்றாடம் மும்முறை ஒப்புவிக்கின்றன. அமெரிக்கத் தொகுப்பு அறைகளில் ஒருவருடைய வெவ்வேறு பேச்சுகளை வெட்டி ஒட்டி அவர் சொல்லாத வாக்கியத்தையே உண்டாக்குவதும் உண்டு. அதற்கு 'பிராங்கன்பைட்' என்று அவர்களே பெயரிட்டிருக்கிறார்கள். கண்டுகொள்ளும் வழி இல்லாமல் இல்லை. பேசுபவரும் கேட்பவரும் ஒரே சட்டகத்தில் தெரிகிறார்களா, வாக்கியம் முடியும்போது பேசுபவரின் வாய் நமக்குத் தெரிகிறதா, கையிலிருந்த கோப்பை அடுத்த ஷாட்டிலும் கையில் இருக்கிறதா, ஈரமாக இருந்த தலைமயிர் அரை நிமிஷத்தில் உலர்ந்துவிட்டதா என்று பாருங்கள். இவற்றைவிடப் பெரிய வெட்டு ஒன்று உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. சினத்தைக் காட்டி, அந்தச் சினத்தை மூட்டிய முந்தைய கால் மணி நேரத்தைக் காட்டாமல் விடுவதே அது. வில்லன் என்று நாம் அழைப்பவர் பெரும்பாலும் காரணம் வெட்டப்பட்ட மனிதர்.

ஜூலியின் கதையை நினைவுகூருங்கள். 2017 ஜனவரியில் மெரினாக் கடற்கரையில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் முழங்கிய தாதி அவர். சினிமாப் பிரபலங்களுக்கு நடுவே வந்து புகுந்த சாமானியப் பெண். முதல் வாரத்தில் வீட்டிலிருந்த சிலர் அவரை நடிக்கிறார் என்று ஒதுக்கியபோது, நாடு முழுவதும் அவர்மேல் அனுதாபம் கொண்டது. சில வாரங்களுக்குள் அவர் சக போட்டியாளரான ஓவியாவுக்கு எதிரணியில் நின்றார். ஓவியா சொன்னதாக அவர் கூறியது உண்மைதானா என்ற தகராறு எழுந்தது. கமல்ஹாசன் குறும்படத்தைப் போட்டார். ஜூலி சொன்னது பொருந்தவில்லை. அந்தத் தகராறில் அடிபட்ட 'ஐந்து செகண்ட்' என்ற சொல் தமிழ் நாடெங்கும் பரிகாசச் சொல்லாயிற்று. அவர் வெளியேறிய வேளையில், கூச்சலிட வேண்டாம் என்று அரங்கிலிருந்தவர்களைக் கமல்ஹாசனே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரே பெண், ஆறே வாரத்தில், கதாநாயகியாகவும் துரோகியாகவும் ஆக்கப்பட்டார்.

அவர் பொய் சொல்லவே இல்லை என்று நான் வாதாட வரவில்லை; அந்த வாக்கியத்தைப் பொறுத்தவரையில் படம் காட்டியது உண்மையே. ஆனால் குறும்படம் விடை சொன்னது ஒரே ஒரு கேள்விக்கு: இந்த வார்த்தை சொல்லப்பட்டதா, இல்லையா? நாம் அதிலிருந்து எடுத்துக்கொண்ட தீர்ப்போ ஒரு மனுஷியின் குணத்தைப் பற்றியது. முதல் வாரத்தில் தனிமைப்பட்ட ஒருத்தி பலமுள்ள அணியோடு ஒட்டிக்கொள்ள ஏன் தவித்தாள் என்ற கேள்விக்கு எந்தக் குறும்படமும் ஓடவில்லை. மேலும், குறும்படத்துக்கான காட்சியைத் தேர்ந்தெடுத்தவர்கள் யார்? தினசரி நிகழ்ச்சியைத் தொகுத்த அதே நிறுவனத்தார்தாம். அன்றாட நிகழ்ச்சி முழு உண்மை அன்று என்பதற்கு அவர்களே தரும் ஒப்புதல் வாக்குமூலம் குறும்படம். அதை நாம் முழு உண்மையாகக் கொண்டாடுகிறோம். 2019இல் சேரன்மீது மீரா மிதுன் சொன்ன குற்றச்சாட்டைக் குறும்படம் பொய்யாக்கி ஒரு மனிதரின் மானத்தைக் காத்தது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஒருவரின் மானத்தைக் காக்கும் படமும், காட்டாமல் விடும் படமும் ஒரே அலமாரியில் ஒரே கையில் இருக்கின்றன என்பதே என் வருத்தம்.

2019இன் அந்த மூன்றாம் பருவத்தை எங்கள் ஊரில் பார்க்காத வீடு அரிது. சக்தி தொலைக்காட்சியில் செய்தி வாசித்த லொஸ்லியாவும், யாழ்ப்பாணத்துத் தர்ஷனும் நம் வீட்டுப் பிள்ளைகள் போலத் திரையில் நின்றார்கள். 'தவமாய் தவமிருந்து' எடுத்த சேரன் லொஸ்லியாவை மகள் என்றார். சக போட்டியாளர் கவினோடு லொஸ்லியா கொண்ட நேசம் மற்றோர் இழையாக ஓடியது. பல ஆண்டுகளாகக் காணாத சொந்தத் தந்தை வந்து கலங்கியும் கடிந்தும் நின்றபோது இரண்டு இழைகளும் முடிச்சிட்டன. என் வீட்டிலும் அழுதார்கள், நானும் அழுதேன். கண்ணீர் பொய்யன்று. ஆனால் அந்தப் பெண்ணின் எத்தனையோ நாட்களில் மகளாகவும் காதலியாகவும் இருந்த நிமிஷங்கள் மாத்திரம் சேர்க்கப்பட்டு, அவற்றுக்குப் புறம்பான லொஸ்லியா எங்களுக்குத் தெரியாமலே போனார்.

இப்போது இருபத்து நான்கு மணி நேர நேரலை வந்துவிட்டதே, இனி எதை மறைக்க முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. நேரலையிலும் ஒரு வேளையில் நாம் காண்பது கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் தெரிந்தெடுத்துத் தரும் காட்சியையே. மற்ற அறைகளில் அந்நேரம் நடந்தது நமக்கு இல்லை. 2023 நவம்பரில் பிரதீப் ஆண்டனி பெண்கள் பாதுகாப்பு என்ற புகாரின் பேரில் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றப்பட்டபோது, நேரலை பார்த்தவர்களே இரு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். அதிகம் பார்த்ததனால் ஐயம் தீரவில்லை. இதற்கிடையே உள்ளே இருப்பவர்களின் நிலை இன்னும் பரிதாபமானது. தங்களைப் பற்றி வெளியே எழுப்பப்பட்ட சித்திரத்தை அவர்கள் காண்பதில்லை. சனிக்கிழமை அரங்கில் யாருக்குக் கைதட்டல் விழுகிறது என்பதைக் கேட்டே அதை ஊகிக்கிறார்கள், ஊகித்து அதற்கேற்பத் திங்கட்கிழமை தங்களை மாற்றிக்கொள்கிறார்கள். தொகுப்பு ஒரு பாத்திரத்தைப் படைக்க, மனிதர் அந்தப் பாத்திரத்துக்குள் வந்து குடியேறுகிறார்.

பிரிட்டனில் 2021 ஏப்ரல் முதல், இத்தகைய நிகழ்ச்சிகளில் கலந்துகொள்வோரின் நலத்தில் உரிய அக்கறை காட்ட வேண்டும் என்பது ஒளிபரப்பு விதியாகவே இருக்கிறது. தமிழில் நான் வேண்டுவது அதனினும் சிறியது. ஒருவரைக் குற்றவாளியாக நிறுத்தும் எந்தக் குறும்படத்துக்கும் முன்னும் பின்னுமாகக் கால் மணி நேரக் காட்சியை வெட்டின்றி வெளியிட வேண்டும். வெளியேறியவர் கேட்டால் தம்மைப் பற்றிய மூலக் காட்சிகளைப் பார்க்கும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். அதுவரைக்கும் வாசகர்களிடம் ஒன்று கேட்பேன். அடுத்த முறை குறும்படம் ஓடி முடிந்து அரங்கம் கைதட்டும்போது, உங்கள் வீட்டில் ஒருவராவது, இது எத்தனை மணிக்குத் தொடங்கியது, அதற்கு முந்தைய நிமிஷம் எங்கே என்று சத்தமாகக் கேளுங்கள்.