மகிழ்ந்தவரை மட்டும் கேட்டல்

இணையச் சந்தையில் பொருள் விற்கும் சிறு வணிகர், மனநிறைவு பெற்றவர்களிடம் மட்டும் மதிப்புரை கேட்பதை இயல்பானதாகக் கருதுகின்றனர். அமேசானின் விதிகளோ அத்தகைய தேர்வையே மீறலாகக் கொள்கின்றன. எழுதப்படும் ஒவ்வொரு மதிப்புரையும் உண்மையாக இருக்கலாம். எனினும், யாரிடம் கேட்பது என்பதை விற்பனையாளர் முன்பே வடிகட்டிவிட்டால், அவற்றின் தொகுப்பு பொய்யாகிவிடுகிறது.

இவ்வடிகட்டலைத் தவிர்க்க உதவுவது, விற்பனையாளர் கணக்கில் ஒவ்வொரு ஆர்டரின் பக்கத்திலும் உள்ள Request a Review என்னும் பொத்தான். பொருள் கைசேர்ந்த ஐந்தாம் நாள் முதல் முப்பதாம் நாள் வரை, ஓர் ஆர்டருக்கு ஒரே முறை இதை அழுத்தலாம். வாங்கியவருக்குச் செல்லும் வாசகத்தை அமேசானே எழுதுவதால், ‘ஐந்து நட்சத்திரம் தாருங்கள்’ என்று விற்பனையாளர் தூண்ட வழியில்லை. ஆனால் அதே கடிதம் பொருளைப் பற்றிய மதிப்புரையோடு விற்பனையாளரின் சேவை பற்றிய கருத்தையும் கேட்பதால், கூரியர் தாமதத்தின் எரிச்சல் சில வேளைகளில் பொருளின் கீழ் பதிவாகிவிடுகிறது.

பொத்தானை எப்போது அழுத்துவது என்பது மட்டுமே விற்பனையாளர் கையில் எஞ்சியிருக்கும் உண்மையான முடிவு. வார்ப்பிரும்புத் தோசைக்கல் விற்கும் ஒருவர் ஐந்தாம் நாளே கேட்டால், கல் இன்னும் பழகாத நிலையில் தோசை ஒட்டிக்கொண்ட வீட்டிலிருந்து ஒற்றை நட்சத்திரம் வரக்கூடும். இருபது நாள் கழித்துக் கேட்டால், எண்ணெய் தடவிப் பழக்கிய கல்லைப் பற்றிய நியாயமான கருத்து கிடைக்கும். இது எல்லோருக்கும் ஒரே நாள் கணக்கில் பொருந்துவதால் வடிகட்டல் ஆகாது. கல்லைப் பழக்கும் முறையை அச்சிட்டுப் பெட்டிக்குள் வைப்பதும் தவறன்று. அதே தாளில் ‘பிடித்திருந்தால் மதிப்புரை எழுதுங்கள், இல்லையென்றால் எங்களை அழையுங்கள்’ என்று ஒரு வரி சேர்ந்த கணத்தில், அது குறை சொல்பவரைச் சந்தைக்கு வெளியே திருப்பும் கருவியாகிறது. மதிப்புரைக்கு ஈடாக அடுத்த கொள்முதலில் தள்ளுபடி தருவதாகச் சொல்வதோ, குறைமதிப்பை நீக்கினால் பணத்தைத் திருப்புவதாகச் சொல்வதோ இன்னும் வெளிப்படையான மீறல்.

பொத்தானும் முழுமையான காப்பு அன்று. புகார் கூறிய ஆர்டர்களை மட்டும் தாண்டி மற்றவற்றுக்கு அதை அழுத்தும் விற்பனையாளர், விதியின் வாசகத்தைத் தொடாதவர்போல் தோன்றினாலும் அதன் நோக்கத்தை மீறுகிறார். கைப்பிடி உடைந்து வந்த கல்லுக்கும் இருபதாம் நாள் கோரிக்கை செல்ல வேண்டும் என்பது கசப்பானதுதான். அதற்கு முன்பே மாற்றுக் கல் அனுப்பிவிடலாம், ஆனால் மதிப்புரையைப் பற்றி ஒரு சொல்லும் சேர்க்காமல். ஒட்டும் கல்லைப் பற்றி மூன்று பேர் எழுதிவிட்டால் வாங்கப்போகும் நான்காமவருக்கு அது எச்சரிக்கை. விற்பவருக்கு, பெட்டியிலுள்ள தாளை யாரும் படிக்கவில்லை என்பதற்கான முதல் தடயம்.