அரைப் பேர்

ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண் நாட்கூலிக்காரியா, அல்லது எடைக்குக் கூலி பெறுபவளா என்ற கேள்விக்குச் சட்டப் புத்தகம் ஒரு விடையும், மாலையில் கொழுந்து மடுவத்துத் தராசு வேறொரு விடையும் சொல்லுகின்றன. 1941ஆம் ஆண்டின் சம்பள நிர்ணய சபைகள் கட்டளைச் சட்டத்தின்கீழ்த் தேயிலைத் தொழிலுக்கென அமைந்த சபை, 2024 செப்டம்பரில் வர்த்தமானி மூலம் 1350 ரூபாயை ஒரு நாள் உழைப்புக்கு உரிய ஊதியமாக நிர்ணயித்தது. ஆயினும் பதுளையிலும் பசறையிலும் சபை நிர்ணயித்த தொகை முழுதாகக் கைக்கு வர வேண்டுமானால், அன்றைய எடை தோட்டம் விதித்த அளவை எட்டியிருக்க வேண்டும். எட்டினால் செக்ரோலில் ஒரு பேர். குறைந்தால், காலை முதல் மாலை வரை மலையில் நின்றிருந்தும் அரைப் பேர்தான்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால்தான் இதன் விபரீதம் புலனாகும். அந்த 1350 ரூபாய்க்கு அளவு 18 கிலோ என்றும், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவுக்கும் 50 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். 18 கிலோ பறித்தவளுக்கு ஒரு கிலோவின் கூலி 75 ரூபாய் ஆகிறது. பத்தொன்பதாவது கிலோவுக்கு அதே கைகள் அதே பிரயாசையோடு உழைத்தும் 50 ரூபாய்தான் கிடைக்கிறது. மறுபுறம், 17 கிலோவோடு நின்றவள் இழப்பது ஒரு கிலோவின் விலையை அன்று, பாதி நாள் கூலியாகிய 675 ரூபாயை. மழை நாளில் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் தராசடியிலே இரண்டு கிலோ கழிக்கப்படுமாயின், மெய்யாக 19 கிலோ பறித்தவளும் ஏட்டில் 17 கிலோக்காரியாகி அரைப் பேரோடு வீடு திரும்புகிறாள்.

இம்முறையில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெருமழைக்குப் பின் கொழுந்து பொங்கி வரும் வாரங்களில், கைவேகமுள்ள பெண்கள் அளவை மதியத்துக்குள் முடித்து மேலதிகக் கிலோக்களால் கணிசமான தொகை ஈட்டுகிறார்கள். அந்தத் திறமைக்குத் தனிப் பயன் கிட்ட வேண்டியதே. உற்பத்திச் செலவில் பெரும்பங்கு கூலியாகவே செல்லும் தொழிலில், பறித்ததற்கும் கொடுப்பதற்கும் ஒரு தொடர்பு வேண்டும் என்று கம்பனிகள் வாதிடுவதையும் முற்றாகத் தள்ளிவிட முடியாது. குற்றம் எடை பார்ப்பதில் இல்லை. கூலியைச் சபை நிர்ணயிக்க, அந்தக் கூலியைப் பெறுவதற்கான அளவை மட்டும் தோட்ட நிர்வாகம் தன் விருப்பப்படி நிர்ணயித்துக்கொள்வதில் இருக்கிறது. 2021இல் நாட்கூலி 1000 ரூபாயாக உயர்ந்தபோது, பல தோட்டங்களில் கொழுந்தின் அளவும் கூடவே உயர்ந்ததாகத் தொழிலாளர் முறையிட்டதன் சாரம் இதுவே. நமது உதாரணத்தில் அளவு 18இலிருந்து 22 ஆனால், முன்பு 22 கிலோவுக்கு 1550 ரூபாய் பெற்றவள் இனி 1350 மட்டுமே பெறுவாள். வர்த்தமானியில் ஓர் எழுத்தும் மாறாமல் கூலி குறைந்துபோகும்.

ஊவாவுக்கென்று ஒரு விசேஷத் துன்பமும் உண்டு. ஜூலை முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்ந்துவிட, வறண்ட காற்று மலையைக் கடந்து வந்து பதுளை, பண்டாரவளைப் பக்கத்துச் செடிகளை வாட்டுகிறது. அந்த வாட்டத்தினால்தான் உலகம் போற்றும் ஊவாத் தேயிலையின் நறுமணம் பிறக்கிறது, கொழும்பு ஏலத்திலும் நல்ல விலை கிடைக்கிறது. ஆனால் அதே வாட்டத்தால் துளிர் அருகிப்போகிறது. நிரை முழுவதும் நடந்தாலும் கூடை நிரம்பாத அந்த நாட்களில், தன் கொழுந்து மிக உயர்ந்த விலைக்குப் போகும்போதே அதைப் பறித்தவள் அரைப் பேர் வாங்குகிறாள். செடியின் வயதும் சரிவின் கடுமையும் காலநிலையும் மாறிக்கொண்டே இருக்க, அளவு மட்டும் மாறாமல் நிற்பது எவ்வாறு நீதியாகும்?

மற்ற நாடுகள் இச்சிக்கலுக்கு விடை தேடியிருக்கின்றன. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், நேரக் கூலி மட்டுமே நிர்ணயிக்கப்பட்டுள்ள வேலையில் ஒருவர் எண்ணிக்கைக் கூலிக்கு அமர்த்தப்பட்டாலும், நேரக் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று விதித்தது. பிரிட்டனிலோ, தொழிலாளரை வைத்துச் சோதித்துச் சராசரி உற்பத்தியைக் கண்டறிந்து, அதை 1.2ஆல் வகுத்து வரும் அளவைக் கொண்டே கூலியைக் கணிக்க வேண்டும். அதாவது சராசரிக்குச் சற்றுக் கீழே வேலை செய்பவரும் குறைந்தபட்சக் கூலியைப் பெறும்படி கணக்கு அமைக்கப்படுகிறது. அதே முறையில் ஒரு மலையில் சராசரி 18 கிலோ என்று கண்டால், அளவு 15 கிலோவாக இருக்கும்.

ஆகவே சம்பள நிர்ணய சபை, தொகையோடு நின்றுவிடாமல் அளவையும் தன் கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். மலைக்கு மலை, பருவத்துக்குப் பருவம், தொழிலாளர் பிரதிநிதிகளின் முன்னிலையில் சோதித்து அதை விதிக்க வேண்டும். தராசடியில் கழிக்கும் எடைக்கும் எழுத்தில் வரம்பு வேண்டும். முழு நாளும் மலையில் நின்றவளுக்கு அரைப் பேர் போடும் வழக்கத்தை அடியோடு நிறுத்த வேண்டும். அடுத்த சம்பளப் பேச்சுக்குச் செல்லும் தொழிற்சங்கத் தலைவர்கள், எத்தனை ரூபாய் என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை கிலோவுக்கு என்று கேட்பார்களாக.