பௌர்ணமி இரவும் 14 கிலோபைட்டும்

சிற்றூர் வாசகருக்காக இணையப் பக்கங்களை இலேசாக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அதெல்லாம் ஜியோ வருவதற்கு முந்தைய கவலை என்ற பதில் உடனே வரும். 2016 செப்டம்பருக்குப் பிறகு டேட்டா மலிந்தது உண்மை. ஆனால் மலிவும் வேகமும் ஒன்றல்ல என்பதைத் திருவண்ணாமலையின் அடி அண்ணாமலை மாதம் ஒருமுறை காட்டிவிடுகிறது. பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். சாதாரண நாளில் ஒரு கிராமத்துக்கும் சில ஆசிரமங்களுக்கும் போதுமாக இருக்கும் கோபுரத்தின் அலைவரிசையை அன்று அத்தனை போன்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. திரையில் சிக்னல் கோடுகள் முழுதாக நிற்கும், பக்கம் மட்டும் திறக்காது. சில நிறுவனங்கள் 3ஜியை மூடிவிட்டதால், 4ஜியில் இடம் கிடைக்காத அவற்றின் போன்கள் நேராக 2ஜிக்கு இறங்குகின்றன. பையில் இருக்கும் மீதி டேட்டாவால் அப்போது பயனில்லை. ஆகவே இலேசான உள்ளடக்கம் ஏழைகளுக்கான சலுகை என்று கருதுவதே முதல் பிழை. நெரிசலில் சிக்கிய எந்தப் போனும், அதன் விலை என்னவானாலும், அந்த நேரத்துக்குப் பழைய போன்தான்.

அந்த இரவில் தேவைப்படும் செய்தி மிகச் சிறியது: பௌர்ணமி எப்போது தொடங்கி எப்போது முடிகிறது, தற்காலிகப் பேருந்து நிலையம் எங்கே, கடைசி சிறப்பு ரயில் எத்தனை மணிக்கு, மருத்துவ முகாம் எந்த இடத்தில். நூறு சொற்களில் அடங்கிவிடும். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் எடுக்கும். ‘திருவண்ணாமலை’ கண்ணுக்கு ஏழு எழுத்து, கணினிக்குப் பன்னிரண்டு குறிகள், 36 பைட். அதே பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 14 பைட். தமிழ் கனமானது என்று இதை வைத்துச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் இந்தக் கனத்தோடும் நூறு சொல் அறிவிப்பு ஏறத்தாழ 3 கிலோபைட்தான். தமிழ்க் குறிகளின் முதல் இரண்டு பைட்டுகள் திரும்பத் திரும்ப வருவதால், அனுப்பும்போது சர்வர் சுருக்கினால் அது பாதிக்கும் கீழே போய்விடும். இதே செய்தியைக் கோபுரப் படத்தோடும் வண்ண எழுத்தோடும் அட்டையாக வடிவமைத்தால் 200 கிலோபைட் எளிதில் ஆகும். நொடிக்கு நூறு கிலோபிட் தரும் 2ஜி இணைப்பில் அட்டை வந்து சேரப் பதினாறு நொடி ஆகும், எழுத்து ஒரு நொடிக்குள் வந்துவிடும். தமிழ் கனமாவது அதைப் படமாக்கும்போதுதான்.

அளவைக் குறைத்தால் போதும் என்பதும் முழு உண்மையல்ல. சர்வர் ஒரு பக்கத்தை ஒரே வீச்சில் அனுப்புவதில்லை. முதல் தவணையாகப் பொதுவாகப் பத்துப் பொட்டலங்கள், அதாவது சுமார் 14 கிலோபைட் அனுப்பிவிட்டு, ‘வந்தது’ என்ற பதிலுக்குக் காத்திருக்கும். நெரிசலில் ஒவ்வொரு காத்திருப்பும் ஒரு நொடியைத் தாண்டலாம். கிலோமீட்டரும் கிலோபைட்டும் ஒரே எண்ணாக அமைந்தது தற்செயல், ஆனால் நினைவில் வைக்க வசதி. அந்த முதல் தவணைக்குள் நேரமும் இடமும் வந்துவிட்டால், பிறகு இணைப்பு அறுந்தாலும் வாசகருக்கு நட்டமில்லை. பக்கத்தின் தலையில் விளம்பரத் துணுக்குகளையும் எழுத்துருக்களையும் அடுக்கிவிட்டு அறிவிப்பைக் கடைசியில் வைத்தால், மொத்த அளவு சிறிதாக இருந்தும் அது தாமதமாகவே தெரியும். அதோடு எல்லா பைட்டும் ஒன்றல்ல. 200 கிலோபைட் படத்தை ஒரு பழைய போன் விரித்துக் காட்டினால் வேலை முடிந்தது. அதே அளவு ஜாவாஸ்கிரிப்ட்டை அது படித்து, புரிந்து, இயக்க வேண்டும். ஒரு ஜிபி நினைவகத்தோடு தடுமாறும் போன் அங்கேதான் உறைகிறது. மேசைக் கணினியில் சோதிப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

படத்துக்கு ஆதரவான வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரு காலத்தில் பல கைபேசிகள் தமிழைக் கட்டம் கட்டமாகவோ கொம்பும் காலும் இடம் மாறியோ காட்டின. படமாக அனுப்பினால் மட்டுமே எழுத்து எழுத்தாக நின்றது. அந்தப் பழக்கத்துக்குக் காரணம் இருந்தது. இன்று காரணம் பெரும்பாலும் போய்விட்டது, பழக்கம் நிற்கிறது. படிக்கத் தெரியாதவருக்கு எழுத்தால் என்ன பயன் என்ற கேள்வி இதைவிட வலுவானது. அதற்கான விடை படத்தில் இல்லை, ஏனெனில் அட்டையில் இருப்பதும் எழுத்துதான். குரலில் இருக்கிறது. நொடிக்கு 16 கிலோபிட்டில் பதிவு செய்த அரை நிமிடப் பேச்சு 60 கிலோபைட்தான் ஆகும். புதுச்சேரிக் கிராமங்களில் 1998-இல் தொடங்கிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையங்கள் இதை முன்பே செய்து காட்டின. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இணைப்பு ஓரிடத்தில் போதும், கேட்பவர் கையில் போனே வேண்டாம்.

நிலப்படத்தையும் கிரிவலப் பாதை இதே போல் தேவையற்றதாக்குகிறது. பாதை ஒரே வட்டம், எல்லாரும் ஒரே திசையில் நடக்கிறார்கள். ‘வருண லிங்கம் தாண்டி, வாயு லிங்கத்துக்கு முன்’ என்றாலே அடி அண்ணாமலைப் பகுதி துலங்கிவிடும். ஆனால் இது வழக்கமாக வருபவருக்கான மொழி. ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருபவருக்குத் தெலுங்கிலும் வேண்டும். எழுத்தாக இருந்தால் அதற்குக் கூடுதலாக இன்னொரு 3 கிலோபைட், அட்டையாக இருந்தால் இன்னொரு அட்டை.

இலேசாக்கலின் உண்மையான குறைகள் வேறு இரண்டு இடங்களில் உள்ளன. ஒன்று, அது எப்போதும் இரண்டாவது பிரதியாகவே பிறக்கிறது. கனமான பக்கங்களை மெலிதாக்கித் தந்த கூகுளின் வெப் லைட்டும், எளிய போன்களுக்கான யூடியூப் கோவும் 2022-இல் மூடப்பட்டன. குறிப்பிட்ட சில தளங்களை மட்டும் இலவசமாகத் தர முயன்ற ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ், 2016 பிப்ரவரியில் டிராய் வகுத்த விதியால் இந்தியாவில் நின்றது. தனிப் பிரதியைப் பராமரிப்பது செலவு, முதலில் கைவிடப்படுவதும் அதுதான். கைவிடாவிட்டாலும் அடியிலுள்ள தரை நகரும்: லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் வாங்கிய தளங்களை ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்களும் ஏற்கச் செய்த ஏற்பாடு 2024-இல் முடிந்தது. பக்கம் 5 கிலோபைட்டாக இருந்தாலும் அந்தப் போனின் குரோம் ‘பாதுகாப்பற்றது’ என்று வாசலிலேயே நிறுத்தும்.

மற்றது இன்னும் ஆபத்தானது. இலேசான செய்தி எளிதில் பயணிக்கிறது, தேதி அதோடு பயணிப்பதில்லை. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், திருவண்ணாமலை மலைச்சரிவில் மண்சரிந்து வீடு புதைந்து ஏழு பேர் இறந்தார்கள். டிசம்பர் 13-இல் மகாதீபம். அந்த ஆண்டு பக்தர்கள் மலையேற அனுமதி மறுக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் 2,500 பேர் வரை அனுமதிக்கப்பட்டனர் என்பதால், பழைய அறிவிப்பு ஒன்று ஃபார்வர்டாக வந்திருந்தால் அதில் பொய் என்று சந்தேகிக்க எதுவும் இருந்திருக்காது. போனில் சேமித்து வைத்து இணைப்பில்லாமலும் காட்டும் பக்கத்துக்கும் இதே நோய்தான். பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ‘புதுப்பித்த தேதி’ போடுவது மருந்தாகாது, யாராவது நகலெடுத்து அனுப்பும்போது முதலில் உதிர்வது அந்த வரிதான். தேதியை முதல் வாக்கியத்துக்குள்ளேயே புதைக்க வேண்டும்: ‘2024 டிசம்பர் 13 மகாதீபத்துக்கு மலையேற அனுமதி இல்லை; இது அன்று இரவு வரை மட்டும்.’ இந்த வாக்கியம் 240 பைட்டுக்குள் அடங்கும். குறுஞ்செய்தியாக அனுப்பினால் தமிழுக்கு எழுபது குறிகளே இடம் என்பதால் இரண்டு செய்தியாக உடையும், செலவும் இரட்டிக்கும். அப்போது சுருக்க நினைப்பவர் கை முதலில் தேதியின் பக்கம்தான் போகும். வெட்டுவதாக இருந்தால் வாழ்த்தை வெட்டலாம், துறையின் பெயரை வெட்டலாம், மலையின் பெயரைக்கூட வெட்டலாம்.