ஏற்றப்பாட்டும் எண்ணிக்கையும்

தோட்டத்தைப் பற்றிய கவிதைகள் இப்போது நிறைய வருகின்றன. விடியற்காலை, ஈர மண், ஒரு குருவி, கொஞ்சம் குளிர்ந்த காற்று. வரிகள் மெதுவாகப் போகின்றன. மெதுவாகப் போவதாலேயே அவை மண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதாக எழுதியவரும் நினைக்கிறார், படிப்பவரும் ஒப்புக்கொள்கிறார். எனக்கு இதில் சந்தேகம் உண்டு. விடியற்காலையில் தோட்டத்தில் நிஜமாகவே பாடப்பட்ட ஒரு பாட்டு வகை நம்மிடம் இருந்தது. அதில் மண்ணும் பறவையும் அநேகமாகக் கிடையாது. பிள்ளையார் வருவார், ராமர் வருவார், பாண்டவர் வருவார்கள், பக்கத்துக் கொல்லைப் பெண்ணைப் பற்றிய கேலி வரும், எல்லாவற்றுக்கும் நடுவே எண்கள் வரும். இருந்தும் அந்தப் பாட்டைப்போல் மண்ணுக்குக் கட்டுப்பட்ட உருவம் தமிழில் வேறு இருக்கிறதா என்பது எனக்குத் தெரியவில்லை. ஏற்றப்பாட்டைச் சொல்கிறேன்.

முதலில் என் தவறு. 1967இல், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பெரியப்பா பாடும் ஏற்றப்பாட்டை எழுதியெடுத்து ஒரு மாணவர் மலரில் வெளியிட்டேன். எண்களை நீக்கிவிட்டேன். "முப்பத்தொண்ணு", "முப்பத்திரெண்டு" என்று வரிக்கு வரி வருவது கவிதைக்கு இடைஞ்சல் என்று அப்போது பட்டது. திரும்பத் திரும்ப வந்த வரிகளையும் ஒருமுறையோடு நிறுத்தினேன். மிச்சம் இருந்தது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஊருக்குப் போனபோது மலரைப் படித்துக் காட்டினேன். பெரியப்பா முழுவதையும் கேட்டுவிட்டு, "ஏண்டா, இதுல எண்ணிக்கை எங்கடா? மடை திருப்புறவன் எதைக் கேட்டுத் திருப்புவான்?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அது பாட்டைப் பற்றிய விமர்சனம் என்பது எனக்குப் புரியப் பல வருஷங்கள் ஆயின.

ஏற்றம் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிணற்றோரம் நட்ட ஏற்றக்காலின் மேல் நீண்ட மரம் ஒன்று, தராசுக்கோல்போல் ஏறி இறங்கும். அதன் கிணற்றுப் பக்க முனையில் மூங்கில் கழி தொங்கும், கழியின் அடியில் சால். மரத்தின்மேல் ஒருவரோ இருவரோ ஏறி நின்று, பக்கத்து மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, கிணற்றை நோக்கி நடந்தால் சால் இறங்கும், பின்னால் நடந்தால் நிறைந்த சால் ஏறும். கீழே ஒருவர் நின்று கழியைப் பிடித்து இறக்கி, ஏறி வந்த சாலை வாய்க்காலில் கவிழ்ப்பார். எங்கள் கிணற்றில் சால் பிடித்தவர் பெரியப்பா. மேலே மிதித்தவர்கள் அப்பாவும் சித்தப்பாவும். கொல்லையில் மண்வெட்டியோடு நின்று மடை திருப்பியது நான்.

இனிப் பாட்டு. சாலைக் கவிழ்க்கும்போது பெரியப்பா ஒரு வரி சொல்வார், அந்தச் சாலின் எண் அதற்குள் இருக்கும். சால் இறங்கி நீரில் முங்கும்போது யாரும் பாடுவதில்லை. மேலே இருப்பவர்கள் மரத்தின் ஏற்றத்தில் நடக்கிற நேரம் அது, பாட மூச்சு இருக்காது. சால் 'களக்' என்று நீரை விழுங்கும் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு பின்னால் நடக்கும்போது, சால் ஏற ஏற, அப்பாவும் சித்தப்பாவும் வரியின் பிற்பாதியைத் திருப்பிச் சொல்வார்கள். அடுத்த கவிழ்ப்பு, அடுத்த வரி. ஆக ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் இருக்கும் மௌனம் யாரும் யோசித்து வைத்த மௌனம் அல்ல. சால் போய்வரும் தூரம் அது.

இதை நான் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஆரம்பத்தில் ஒரு சாலுக்குப் பன்னிரண்டு விநாடி பிடித்தது, கடைசியில் பதினாறு. களைப்பு ஒரு காரணம், ஆனால் அது முக்கியமில்லை. இரவெல்லாம் ஊறிய நீர் விடியலில் மேலே நிற்கும். இறைக்க இறைக்க மட்டம் இறங்கும், சால் இன்னும் ஆழம் போக வேண்டும், மேலே இருப்பவர்கள் மரத்தில் இன்னும் நாலு அடி தள்ளிப்போய்த் திரும்ப வேண்டும். மௌனம் நீள்கிறது. கிணற்றில் நீர் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பாட்டின் வேகத்தை வைத்தே சொல்லிவிடலாம். அம்மா வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே, "ஊத்து கம்மியாயிடுச்சு போல" என்பாள்.

நாலரை மணிக்குத் தொடங்குவார்கள். இரவின் ஊற்று முழுவதும் கிடைக்க வேண்டும், வெயில் ஏறுமுன் நீர் வேருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் காரணம். விடியலின் அழகு யாருக்கும் காரணமாக இருந்ததில்லை. இருட்டில் கிணற்றடி எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் குரல்தான். கத்தரியும் மிளகாயுமாக நாற்பது பாத்தி, பாத்திக்குப் பத்துச் சால். சாலுக்கு மூன்று குடம் நீர் பிடிக்கும். "பத்து" என்று கேட்டதும் ஒரு மடையை அடைத்து அடுத்ததைத் திறப்பேன். "இருபது" என்றால் அடுத்தது. எண் தவறினால் ஒரு பாத்தி வழியும், இன்னொன்று காயும். பாட்டைச் சரியாகக் கேட்டேனா என்பது விடிந்த பிறகு மண்ணில் தெரியும்.

பெரியப்பாவின் பாட்டில் தொடக்கத்தில் பிள்ளையாருக்கென்று ஏழெட்டு வரி வரும். அந்த வரிகளில் எண் கிடையாது. கடவுள் வாழ்த்தில் கணக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஒருமுறை மழை பெய்த மறுநாள் இறைத்தபோது பிள்ளையார் இரண்டே வரியில் முடிந்துபோனார். கேட்டேன். "நேத்தே வாய்க்கா குடிச்சிருச்சே" என்றார் பெரியப்பா. காய்ந்த வாய்க்கால் முதலில் தன் பங்கைக் குடிக்கும், அதற்குப் பிறகுதான் நீர் பாத்திக்கு வரும். வாய்க்கால் குடிக்கும் சால்கள் எந்தப் பாத்தியின் கணக்கிலும் சேராதவை. அவற்றுக்குத்தான் எண்ணில்லாத வரிகள். வாழ்த்துப்பா எத்தனை அடி என்பதை மண்ணின் ஈரம் தீர்மானித்தது. எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வாய்க்காலில் இப்படி இருந்தது. ஆனால் இதைத் தெரிந்துகொண்ட பிறகு, உருவம் வேறு உள்ளடக்கம் வேறு என்று பிரித்துப் பேசும் கட்டுரைகளை முன்போல் என்னால் படிக்க முடிவதில்லை.

கம்பனைப் பற்றிய கதை எல்லோருக்கும் தெரியும். ஏற்றம் இறைப்பவன் மூங்கில் இலையையும் பனித்துளியையும் பற்றிப் பாடிய வரியைக் கம்பன் கேட்கிறான். அதோடு அன்றைய வேலை முடிந்து அவன் இறங்கிவிடுகிறான். அடுத்து என்ன வரும் என்று கம்பன் இரவெல்லாம் யோசித்தும் பிடிபடாமல், மறுநாள் விடியலில் வந்து கேட்டுத் தெரிந்துகொள்கிறான். ஏற்றப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை என்று பழமொழியும் உண்டு. நம் ரசனைக்காரர்கள் இந்தக் கதையைப் படிமத்துக்குக் கிடைத்த பாராட்டாகவே படித்திருக்கிறார்கள். ஏற்றப்பாட்டில் பனித்துளி வரும் வரி அபூர்வம், அந்த அபூர்வமே பிரபலமாகிவிட்டது, ஏனென்றால் அது நாம் எழுதும் கவிதை மாதிரி இருக்கிறது. எனக்குக் கதையில் முக்கியமாகப் படுவது வேறு. பாட்டு ஏன் அங்கே நின்றது? வேண்டிய நீர் பாய்ந்துவிட்டது, அதனால் நின்றது. அடுத்த வரி கம்பனுடைய சொல்வளத்தில் இல்லை. அது அடுத்த சாலில் இருந்தது, அடுத்த சால் மறுநாள்தான் இறங்கும்.

இளங்கோவுக்கு இந்த விஷயம் தெரிந்திருக்கிறது. நாடுகாண் காதையில் காவிரி நாட்டு வயல்களைச் சொல்லும்போது, இறைக்கும் கருவிகளை வரிசையாகப் பெயர் சொல்லி, அவற்றின் ஒலி அங்கே கேட்பதில்லை என்கிறார். அந்த வரிசையில் ஏற்றத்துக்கு மட்டும் இசையைக் கொண்டு அடைமொழி கொடுக்கிறார். ஆறு பாயும் இடத்தில் இந்தப் பாட்டுக்கு வேலை இல்லை. இது கிணற்றை நம்பிய மேட்டு நிலத்தின் பாட்டு, நீரை எண்ணிச் செலவழிக்க வேண்டியவனின் பாட்டு.

பறவைகள்? இருந்தன. கரிச்சான் எங்களுக்கு முன்னாலேயே கத்தத் தொடங்கிவிடும். வெளிச்சம் வந்ததும் நனைந்த பாத்திகளில் புழு பொறுக்க மைனாக்களும் கொக்குகளும் வந்து என் காலடியில் நடக்கும். யாரும் அவற்றைப் பாடவில்லை. குயில் பாட்டில் பாரதி இதைத் தலைகீழாகச் செய்திருப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். அங்கே குயில்தான் மனிதனின் ஏற்றப்பாட்டைக் கேட்டு மனசைப் பறிகொடுக்கிறது. பறவையைக் கேட்டு உருகும் கவிஞர்கள் நடுவே, பறவை கேட்கும்படியான பாட்டு ஒன்று கிணற்றடியில் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

எங்கள் கிணற்றில் 1969இல் மோட்டார் வந்தது. பெரியப்பாவுக்கு அதில் வருத்தமே இல்லை. ஒரு தடவை கால் தவறி மரத்திலிருந்து விழுந்த சித்தப்பாவுக்கும் இல்லை. நானும் அந்த உழைப்பு திரும்ப வேண்டும் என்று எழுத வரவில்லை. பிறகு ஒருநாள் பாட்டை ஒலிப்பதிவு செய்யப் பெரியப்பாவைத் திண்ணையில் உட்காரவைத்தேன். வரிகள் ஏழு விநாடிக்கு ஒன்றாக ஓடின, நாற்பதைத் தாண்டியதும் எண் குழம்பியது, அவரே நிறுத்திவிட்டார். எழுந்து நின்று, இல்லாத கழியைப் பிடிப்பதுபோல் இரண்டு கைகளையும் இறக்கி ஏற்றிப் பார்த்தார். பாட்டு சரியாக வந்தது. மௌனமும் வந்தது. நாடாவில் அந்த இடங்கள் வெற்றாகத்தான் கேட்கின்றன. ரேடியோவிலும் மேடையிலும் ஏற்றப்பாட்டு என்று மேளத்தோடு ஓடுவதைக் கேட்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: சால் முங்க நேரம் இருக்கிறதா?

ஆகவே இதை அச்சிடுகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். எண்களை எடுக்காதீர்கள். திரும்ப வரும் பாதியைச் சுருக்காதீர்கள். வரிக்கு வரி இடம் விடுங்கள். எந்த வரியில் எண் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், அங்கே யாரோ தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கலாம். நான் வெளியிட்ட பிரதியில் பென்சிலால் எண்களை எழுதிச் சேர்த்து வருகிறேன். நூற்றுப்பன்னிரண்டு வரை நினைவிருக்கிறது. அதற்கு மேல் எங்கள் கொல்லையில் பன்னிரண்டாம் பாத்தி, அது கத்தரி என்பது மட்டும் தெரிகிறது. வரி வரவில்லை.